பெரியவர்களுக்குத் தமிழில் எழுதுவது எப்படி: ஓர் அழைப்புக் கடிதத்தை வைத்து

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தமிழை நன்றாகப் பேசிவிட்டு, எழுதும்போது திணறுகிற இளைஞர்கள் நிறையப் பேர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் உண்டு. தமிழ் வீட்டிலேயே பிறந்து, இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, ஓசூர் கம்பெனியில் மெயில் எல்லாம் ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகியவர்களும் உண்டு. இவர்கள் திடீரென்று பழைய தலைமை ஆசிரியருக்கோ, ஊர்ப் பெரியவருக்கோ, சீனியர் வக்கீலுக்கோ நாலு வரி தமிழில் எழுத வேண்டி வந்தால், தெரிந்த மரியாதைச் சொற்களை எல்லாம் முதல் வரியில் கொட்டிவிடுவார்கள். மூன்றாவது வரியில் ஒரு வினைச்சொல் வந்து அத்தனையையும் கவிழ்த்துவிடும்.

எழுத்துத் தமிழில் மரியாதை பெரும்பாலும் வினைமுற்றில்தான் இருக்கிறது. ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி ‘அனுப்பவும்’ என்று முடித்தால், படிப்பவர் காதில் விழுவது ‘அனுப்பவும்’தான்.

கீழே இருப்பது ஒரு மாதிரி. அச்சகத்துக்கும் டைப்பிங் சென்டருக்கும் வாட்சப்பில் இப்படித்தான் வந்து சேர்கின்றன. பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்றில் முன்னாள் மாணவர் சந்திப்பு. பணிநிறைவு பெற்ற தலைமை ஆசிரியரைத் தலைமை தாங்க அழைக்க வேண்டும். பையன் எழுதியது இது:

> அன்புள்ள தலைமை ஆசிரியர் சார் அவர்களே, என்னை ஞாபகம் இருக்கிறதா? வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளியில் முன்னாள் மாணவர் சந்திப்பு. நீங்கள் ஃப்ரீயாக இருந்தால் வரவும். தங்கள் போட்டோவையும் விவரத்தையும் உடனடியாக அனுப்பவும். கணக்கு டீச்சரும் வருது. மாணவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்து அழைப்பிதழ் தருவார்கள். நன்றி.

இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் பெரியவர் படித்துவிட்டு, ‘சரி, பையன் ஆர்டர் போடுகிறான்’ என்று போனைக் கீழே வைப்பார். இதையே ஒவ்வொரு இடமாகச் சரிசெய்து பார்ப்போம்.

முதலில், நேரில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?

எழுத உட்காருமுன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். நம் ஊரில் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணக்கு சார், சயின்ஸ் டீச்சர், தமிழ் ஐயா, பெரிய சார் என்றுதான் கூப்பிடுவோம். பெரிய சார் என்றால் தலைமை ஆசிரியர் என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். நேரில் வாயில் வராத பெயரைக் கடிதத்தில் மட்டும் எழுதினால் உறுத்தும். ‘மிஸ்டர் ஸ்மித்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதுபோல ‘திரு. இன்னார்’ என்று விளிப்பது தமிழில் செல்லாது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் இருப்பது அப்பாவின் இனிஷியல், பின்னால் இருப்பது அவருடைய சொந்தப் பெயர். அதனால் ‘திரு.’ போட்டாலும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டதாக ஆகும்.

உறையின் மேலும், பெறுநர் என்ற இடத்திலும் பெயர் வரலாம், வரத்தான் வேண்டும்: ‘திரு. (பெயர்) அவர்கள், பணிநிறைவு பெற்ற தலைமை ஆசிரியர்’ என்று. உள்ளே விளிக்கும்போது ‘ஐயா’ அல்லது ‘அம்மா’ போதும். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்பது யாருக்கும் பொருந்தும். ரொம்ப நெருக்கமானவர் என்றால் ‘அன்பும் மதிப்பும் மிக்க ஐயா’. வெறும் ‘அன்புள்ள’ நண்பர்களுக்கும் தம்பி தங்கைக்கும் ஆனது. ஆசிரியருக்குக் கொஞ்சம் இளப்பமாகத் தெரியும்.

‘அவர்களே’ வேண்டாம். அது மைக்குக்கு முன்னால் நின்று, ‘விழாத் தலைவர் அவர்களே’ என்று தொடங்குகிற மேடைச் சொல். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் ‘காரு’ சேர்க்கிற பழக்கத்தில் இதை எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். ஒருவரைப் பற்றிப் பிறரிடம் எழுதும்போது ‘அவர்கள்’ சரி. ஒருவருக்கே எழுதும் கடிதத்தில் ‘அவர்களே’ வந்தால் நாற்காலி போட்டு மாலை போட்டது மாதிரி ஆகிவிடும்.

பெண்களுக்கு எழுதும்போது உறையில் திருமதியா, செல்வியா என்ற தடுமாற்றம் வரும். தெரியாவிட்டால் ‘திருமிகு’ என்று போடலாம். ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் எல்லோருக்கும் அது பொது. உள்ளே ‘அம்மா’ என்று விளிப்பதே நம் பக்கம் இயல்பு. ‘அம்மையீர்’ அலுவலகக் கடிதத்தில் மட்டும் நன்றாக இருக்கும். சொந்த டீச்சருக்கு எழுதினால் யாரோ போலத் தோன்றும்.

ஒரு எழுத்துப் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘மதிப்பிற்குறிய’ அல்ல, ‘மதிப்பிற்குரிய’. தமிழ் ஐயாவுக்கு அனுப்பும் கடிதத்தில் முதல் சொல்லிலேயே வல்லின ற விழுந்தால், மற்றதை அவர் சிவப்பு மையோடுதான் படிப்பார். ‘அனுப்புனர், பெறுனர்’ என்பதும் அப்படியே. ‘அனுப்புநர், பெறுநர்’ என்பதுதான் சரி.

நீங்களா, தாங்களா?

இரண்டும் மரியாதைதான். ‘நீங்கள்’ அன்றாட மரியாதை. ‘தாங்கள்’ ஒரு படி மேல். கடிதத்திலும் அழைப்பிதழிலும் வரும், பேச்சில் அபூர்வம். டாக்டர், ஆடிட்டர், அலுவலக மேலாளர், அடிக்கடி பேசுகிற பெரியவர் ஆகியோருக்கு ‘நீங்கள்’ தாராளமாகப் போதும். வயதில் மிக மூத்தவர், நெடுநாள் தொடர்பு இல்லாத ஆசிரியர், முறையான அழைப்பு, விண்ணப்பம் என்றால் ‘தாங்கள்’ எழுதலாம்.

எதை எடுத்தாலும் கடைசி வரி வரை அதிலேயே இருக்க வேண்டும். நீங்கள் என்றால் உங்கள், உங்களை, உங்களுக்கு, உங்களிடம். தாங்கள் என்றால் தங்கள், தங்களை, தங்களுக்கு, தங்களிடம். நம் பையன் ‘நீங்கள்’ என்று தொடங்கி அடுத்த வாக்கியத்தில் ‘தங்கள்’ என்று போனான். இப்படிக் கலந்தால் வெட்டி ஒட்டிய கடிதம் என்று உடனே தெரிந்துவிடும். எழுதி முடித்தபின் ‘நீங்க’, ‘உங்க’ ஒரு பக்கம், ‘தாங்க’, ‘தங்க’ ஒரு பக்கம் என்று தேடிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். தாங்கள் போட்டாலும் வினை ‘வருவீர்கள், சொன்னீர்கள்’ என்றுதான் முடியும். ‘தாங்கள் வருவார்கள்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அது தவறு.

‘தங்கள்’ என்பதில் ஒரு பள்ளம் உண்டு. ‘மாணவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்து அழைப்பிதழ் தருவார்கள்’ என்றால் யார் வீட்டுக்கு? மாணவர்களின் சொந்த வீடு என்றும் படிக்கலாம். வாக்கியத்தில் வேறொரு பன்மை எழுவாய் வரும்போதெல்லாம் இந்தக் குழப்பம் வரும். வழி எளிது: ‘தங்கள்’ இருக்கும் இடத்தில் ‘ஐயாவின்’ என்று போட்டுவிடுங்கள். ‘மாணவர்கள் ஐயாவின் வீட்டுக்கே வந்து அழைப்பிதழ் தருவார்கள்.’ குழப்பமும் போயிற்று, மரியாதையும் குறையவில்லை.

இந்தப் பேச்சை எடுத்தால், இதே தகடூரை ஆண்ட அதியமானை ஔவையார் ‘நீ’ என்றுதானே பாடினார் என்று யாராவது கேட்பார்கள். பாடினார்தான். அது சங்கப் பாட்டின் வழக்கு. சாமியைக் கும்பிடும்போதும் ‘நீ’தான். பணிநிறைவு பெற்ற தலைமை ஆசிரியர் அரசருமில்லை, சாமியுமில்லை.

கேட்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது

கடிதத்தில் எங்கே ஒன்றைக் கேட்கிறீர்களோ, அந்த வாக்கியத்தில் அதிக நேரம் செலவழியுங்கள்.

‘அனுப்பவும்’, ‘வரவும்’, ‘தெரிவிக்கவும்’ என்ற ‘-வும்’ வடிவம் மரியாதையானது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது மரியாதையும் அல்ல, அவமரியாதையும் அல்ல. அறிவிப்புப் பலகையின் குரல். ‘செருப்பை வெளியே விடவும்’, ‘வரிசையில் வரவும்’ என்று முகம் தெரியாத எல்லோருக்கும் சொல்வது. மேலதிகாரி கீழே இருப்பவருக்குச் சுற்றறிக்கையில் எழுதுவதும் இதுதான். மூத்தவர் ஒருவருக்கு மட்டும் எழுதும்போது அதே வடிவம் கட்டளையாகக் கேட்கும். முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். ‘தயவுசெய்து அனுப்பவும்’ என்பது ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுச் சலித்தவர் எழுதியதுபோல இருக்கும்.

படிப்படியாகப் பார்த்தால் இப்படி ஏறும். ‘அனுப்புங்கள்’ என்பது பழகியவர்களுக்கு. ‘அனுப்பிவையுங்கள்’ அதைவிடச் சற்று மென்மை. அந்த ‘வை’ சேரும்போதே குரல் தணிகிறது. ‘அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும்’ என்றால் ஏவலே இல்லை. கடிதத்துக்கும் வாட்சப்புக்கும் இதுவே நல்ல நடுவழி. ‘அனுப்பிவைக்க வேண்டுகிறேன்’ என்பது முறையான கடிதத்துக்கு. அதற்கும் மேலே ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’, ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்பவை மனுவுக்கு உரியவை. ஆசிரியரிடம் ஒரு போட்டோ கேட்க அவ்வளவு தாழ வேண்டியதில்லை.

‘உடனடியாக’ என்பதையும் எடுத்துவிடுங்கள். அவசரம் இருந்தால் காரணத்தையும் நாளையும் சொல்லலாம்: ‘வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம், புதன்கிழமைக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.’ பெரியவருக்குக் கெடுவும் புரியும், கோபமும் வராது.

அடுத்தது ‘ஃப்ரீயாக இருந்தால் வரவும்’. ஆங்கிலத்தில் இது நாகரிகம். வர முடியாவிட்டால் சங்கடமில்லாமல் மறுக்க அவருக்கு இடம் கொடுப்பது. தமிழில் இது நேர் எதிராகப் போய்விடும். ‘முடிந்தால் வாருங்கள்’ என்றால், வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போய் ‘டைம் இருந்தா வாங்க’ என்று சொல்லிப் பாருங்கள், அந்த வீட்டில் எவ்வளவு நாள் பேசுவார்கள் என்று தெரியும். நம் வழக்கத்தில் அழைப்பு என்றாலே கொஞ்சம் வற்புறுத்தல் இருக்க வேண்டும். ‘தாங்கள் அவசியம் வர வேண்டும்’, ‘குடும்பத்துடன் வந்திருந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்று எழுதுவது அதிகாரம் அல்ல, உரிமை. அதே சமயம் ‘கண்டிப்பாக வரவும்’ என்று எழுதிவிடாதீர்கள். பேச்சில் ‘கண்டிப்பா வரணும்’ என்பதில் இருக்கும் சிரிப்பு தாளில் வராது.

அப்படியானால் முடியாதவருக்கு எப்படி வழிவிடுவது? உடம்பு முடியாதவராக இருக்கலாம். பஸ் ஏறி வர முடியாதவராக இருக்கலாம். அதற்கு வருகையில் ‘முடிந்தால்’ போடாமல், சிரமத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்: ‘அழைத்து வர வண்டி ஏற்பாடு செய்திருக்கிறோம்.’

வக்கீல், டாக்டர் போன்றவர்களிடம் வேலையாகக் கேட்கும்போது மட்டும் அவர்களுடைய நேரத்தைக் கேட்பது சரி: ‘உங்களுக்கு எந்த நேரம் வசதிப்படும் என்று சொன்னால் அப்போது வந்து பார்க்கிறேன் சார்.’ ‘நாளை பத்து மணிக்குப் பார்க்க முடியுமா?’ என்பதைவிட இது நன்றாக எடுபடும். ‘முடியுமா’ தப்பில்லை, ஆனால் எழுத்தில் ஒற்றையாக நின்றால் கொஞ்சம் சவாலாகத் தொனிக்கும்.

கடிதத்துக்குள் வரும் மற்றவர்கள்

‘கணக்கு டீச்சரும் வருது.’ நம் பக்கப் பேச்சில் இது சாதாரணம். ‘அக்கா வந்துச்சு’, ‘அம்மா சொல்லுச்சு’, ‘டீச்சர் அடிச்சுது’ என்று பாசமாகத்தான் சொல்கிறோம். தாளில் ஏறியதும் அந்தப் பாசம் போய் அஃறிணை மட்டும் மிஞ்சும். எழுத்தில் ‘டீச்சர் வருகிறார்’, ‘அம்மா சொன்னார்’. ‘வருகிறாள், சொன்னாள்’ என்று திருத்துபவர்கள் இன்னும் கீழே போகிறார்கள். உங்களைவிட மூத்த பெண்ணுக்கு ‘-ஆள்’ விகுதி கூடாது. பெண்ணுக்குத் தனி மரியாதை வடிவம் எதையும் தேட வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘-ஆர்’ ஒன்றே.

‘-ஆர்’ எங்கே, ‘-ஆர்கள்’ எங்கே? பெயருக்கோ பதவிக்கோ பின்னால் ‘அவர்கள்’ போட்டால் வினையும் ‘-ஆர்கள்’ என்று முடிய வேண்டும். ‘தலைமை ஆசிரியர் அவர்கள் தலைமை ஏற்கிறார்கள்’, அல்லது ‘தலைமை ஆசிரியர் தலைமை ஏற்கிறார்’. முன்னது அழைப்பிதழுக்கு, பின்னது செய்திக்கும் சாதாரணக் கடிதத்துக்கும். ‘அவர்கள் … ஏற்கிறார்’ என்ற பாதிக் கலவை அழைப்பிதழ்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது.

காலமான ஆசிரியரைக் குறிப்பிட நேர்ந்தால் பெயருக்கு முன் ‘மறைந்த’ என்று ஒரு சொல் போதும். ஓய்வுபெற்றவர்களை ‘பணிநிறைவு பெற்ற’ என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவும் செய்கிறது.

இன்னொன்று கண்ணில் படாமல் நழுவும்: ‘எங்கள் பள்ளியில்’. அந்தத் தலைமை ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த பள்ளி அது. அவரிடமே ‘எங்கள் பள்ளி’ என்றால் அவரை வெளியே நிறுத்துகிறோம். ‘நம் பள்ளி’ என்றால் அவரையும் சேர்த்துக்கொள்கிறோம். தெலுங்கு பேசுபவர்களுக்கு ‘மனமு’, ‘மேமு’ வித்தியாசம் இருப்பதால் இது எளிதில் பிடிபடும். கன்னடத்தில் இரண்டுக்கும் ‘நாவு’தான் என்பதால் ஓசூர், தளி பக்கத்துக் கன்னட வீட்டுப் பிள்ளைகள் இங்கே சறுக்குவது இயல்பு. அதற்காக எல்லா இடத்திலும் ‘நம்’ போடக்கூடாது. ‘நம் விருப்பம்’ என்றால் அவருடைய விருப்பத்தையும் நீங்களே சொல்லிவிட்டதாகும். அங்கே ‘எங்கள் விருப்பம்’ என்பதே சரி.

உங்களை எப்படிச் சொல்லிக்கொள்வது

‘என்னை ஞாபகம் இருக்கிறதா?’ என்று பெரியவருக்குப் பரீட்சை வைக்காதீர்கள். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர். நினைவில்லை என்று சொல்லவும் சங்கடப்படுவார். நீங்களே அடையாளம் சொல்லிவிடுங்கள்: எந்த வருடம், எந்த வகுப்பு, எந்த ஊரிலிருந்து வந்தவர். ஊர்ப் பெரியவர் என்றால் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னால் பிடித்துக்கொள்வார்.

வாழ்த்து அனுப்பும்போதும் ஒரு கவனம் வேண்டும். ஆசி மேலிருந்து கீழே வருவது. பிறந்தநாளுக்கு ‘பல்லாண்டு வாழ்க’ என்று மட்டும் அனுப்பினால் சிலருக்கு நெருடும். ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன் ஐயா’ என்பது தேய்ந்த வாக்கியம்தான், ஆனாலும் இன்றுவரை யாரும் அதற்குக் கோபப்பட்டதில்லை.

முடிவில் ‘பணிவுடன்’ அல்லது ‘தங்கள் மாணவன்’, ‘தங்கள் மாணவி’ என்று போட்டுக் கையெழுத்திடலாம். ‘இப்படிக்கு’ மட்டும் போட்டாலும் குறையில்லை.

சரி, இப்போது அந்தக் கடிதம்:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நான் 2014இல் தங்களிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன். மாரண்டஅள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தேன். இப்போது ஓசூரில் வேலை செய்கிறேன்.
>
> நம் பள்ளி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி வளாகத்திலேயே ஒரு சந்திப்பு நடத்துகிறோம். தாங்கள் அவசியம் வந்திருந்து தலைமை ஏற்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய விருப்பம். கணக்கு டீச்சரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.
>
> அழைப்பிதழில் போடத் தங்கள் புகைப்படம் ஒன்றும், தாங்கள் பணியாற்றிய பள்ளிகளின் விவரமும் வேண்டும். வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம். புதன்கிழமைக்குள் அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். சிரமம் என்றால் சொல்லுங்கள் ஐயா, நாங்களே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறோம். அன்று தங்களை அழைத்து வர வண்டியும் ஏற்பாடு செய்திருக்கிறோம்.
>
> பணிவுடன்,
> (பெயர், கைப்பேசி எண்)

அலங்காரச் சொல் ‘மதிப்பிற்குரிய’ ஒன்றுதான். மற்றதெல்லாம் வினைச்சொற்கள் செய்த வேலை. நடுவில் ஒரு முறை ‘சொல்லுங்கள் ஐயா’ என்று வருவதைக் கவனியுங்கள். முழுக்க ‘வேண்டுகிறேன்’ என்றே போனால் கடிதம் விறைத்துவிடும். பள்ளியில் படித்த பையன் பேசுவதுபோல ஓரிடமாவது இருக்கட்டும்.

அலுவலகத்துக்கு எழுதினால்

இது சுருக்கமானது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுப்பவர்கள் பதவிக்குத்தான் எழுத வேண்டும், பெயருக்கு அல்ல: ‘மாவட்ட ஆட்சியர் அவர்கள், தர்மபுரி மாவட்டம்.’ விளி ‘ஐயா’ அல்லது ‘அம்மையீர்’. ‘மாண்புமிகு’ என்பது அமைச்சர்கள் போன்றோருக்கு வழங்குவது. அதிகாரிக்குப் போட்டால் கூடுதல் மரியாதை ஆகாது, எழுதியவருக்கு முறை தெரியவில்லை என்றுதான் ஆகும். முனைவர், மருத்துவர், வழக்கறிஞர் என்று படிப்போ தொழிலோ சார்ந்த பட்டம் உள்ளவருக்கு உறையில் ‘திரு.’ இருந்த இடத்தில் அதைப் போடலாம்.

பதில் வந்த பிறகு

பெரியவர் பெரும்பாலும் வாட்சப்பில் ‘சரிப்பா, வர்றேன். நீ எந்த வருஷம் பேட்ச்?’ என்று பேச்சு நடையில் பதில் போடுவார். அவர் ‘நீ’ என்றது உரிமை. நீங்கள் திருப்பி இறங்க வேண்டாம். ஆனால் ‘தாங்கள்’ என்ற உயரத்தில் தொடரவும் தேவையில்லை. இங்கிருந்து ‘நீங்கள்’, ‘நீங்க’ என்று வந்துவிடலாம். ‘சரிங்க ஐயா, ரொம்ப சந்தோஷம். 2014 பேட்ச்’ என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். வெறும் ‘ஓகே’, ‘ம்’, கட்டைவிரல் படம் ஆகியவற்றோடு நிறுத்தாதீர்கள். வெறும் ‘சரி’ கூட எழுத்தில் வெடுக்கென்று இருக்கும். ‘ங்க’ சேர்ந்தால் அந்த வெடுக்கு போய்விடும்.

அவர் ‘சார்னே கூப்பிடுப்பா, ஐயா எல்லாம் எதுக்கு’ என்று சொன்னால் அடுத்த செய்தியிலேயே சாருக்கு மாறிவிடுங்கள். சொன்ன பிறகும் ‘ஐயா’ என்றே பிடித்துக்கொண்டிருந்தால் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்றாகும். தமிழ் ஐயாக்கள் மட்டும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.